பகலில் வரைந்த 2டி காட்சியை இரவாக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பகல் படத்தின் மேல் அடர்நீல லேயர் ஒன்றைப் போட்டு ஒப்பாசிட்டியைக் குறைத்தேன். இரவு மாதிரி இல்லை, பனிமூட்டம் மாதிரி இருக்கிறது. ஏன்?

அந்த லேயர் நார்மல் மோடில் இருப்பதால். நார்மல் மோடில் ஒப்பாசிட்டியைக் குறைத்தால் படத்தின் ஒவ்வொரு புள்ளியும் அந்த நீலத்தை நோக்கி நகர்கிறது. வெள்ளை இருளும், சரிதான். ஆனால் கறுப்பும் நீலத்தை நோக்கி நகர்ந்து வெளிறிவிடும். இருட்டில் கறுப்பு வெளிறினால் கண் அதைப் பனி என்றோ புகை என்றோதான் எடுத்துக்கொள்ளும்.

இரவில் மாறுவது பொருளின் மேல் விழும் வெளிச்சம். சுவரின் சொந்த நிறம் பகலில் இருந்ததேதான். ஆகவே கணக்கு இப்படி இருக்க வேண்டும்:

```
தெரியும் நிறம் = சொந்த நிறம் × (சுற்றொளி + விளக்கொளி)
```

சுற்றொளி என்பது நிலாவும் வானமும் எல்லா இடத்துக்கும் தரும் மங்கலான வெளிச்சம். விளக்கொளி என்பது விளக்குக்கு அருகில் மட்டும் விழுவது. கீழே வரும் பதில்கள் எல்லாம் இந்த ஒரு வரியைப் படத்தில் எப்படிக் கொண்டுவருவது என்பதைப் பற்றியவைதான். பெருக்கலுக்கு மல்டிப்ளை மோடு. அதில் கறுப்பு கறுப்பாகவே நிற்கும், வெள்ளை மட்டும் நீங்கள் கொடுத்த நிறத்துக்கு இறங்கும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரே காட்சியை வைத்துக்கொள்வோம். வெளிர்மஞ்சள் சுவர் (230, 200, 160), சிவப்பு ஓட்டுக்கூரை (180, 60, 45), பக்கத்தில் ஒரு மரம் (95, 150, 70), பின்னால் பகல் வானம் (150, 200, 235), முன்னால் ஒரு தெருவிளக்கு, சுவரில் இரண்டு ஜன்னல்கள்.

எந்த நிறத்தால் பெருக்குவது? எவ்வளவு இருட்டலாம்?

தொடங்குவதற்கு (70, 90, 150) நல்ல இடம். இதால் பெருக்கினால் சுவர் ஏறத்தாழ (63, 71, 94) ஆகும், மரம் (26, 53, 41) ஆகும். நிலா வெளிச்சம் உள்ள இரவுக்கு இது பொருந்தும். நிலா இல்லாத இரவு வேண்டுமென்றால் (45, 55, 85) வரை இறங்கலாம். அதற்குக் கீழே போனால் படத்தில் பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது, விளக்குகள் மட்டும்தான் காட்சியைத் தாங்க வேண்டியிருக்கும்.

நிலா வெளிச்சம் உண்மையில் நீலம் இல்லை. அது சூரிய ஒளியின் எதிரொளிப்பு, சொல்லப்போனால் வெயிலைவிடக் கொஞ்சம் மஞ்சள் பக்கம் சாய்ந்தது. மங்கிய வெளிச்சத்தில் நம் கண் வேலைசெய்யும் விதமும், ஓவியத்திலும் சினிமாவிலும் நீண்ட காலமாகப் பழகிப்போன வழக்கமும் சேர்ந்து நீலத்தை இரவாக்கியிருக்கின்றன. அதனால் நீலத்தை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று எண்களில் நீலம் சிவப்பைப் போல மூன்று மடங்கைத் தாண்டினால் காட்சி தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் ஆகத் தொடங்கும்.

பெருக்கிய பிறகும் சிவப்புக் கூரை மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது. அதை எப்படி அடக்குவது?

பெருக்குவதற்கு முன்னால் நிறச்செறிவைக் குறைக்க வேண்டும், அதுவும் எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி குறைக்காமல்.

வெளிச்சம் குறையும்போது கண்ணில் கூம்பு செல்களின் வேலை குறைந்து தண்டு செல்களின் வேலை கூடுகிறது. கூம்புகளின் கூட்டு உணர்திறன் 555 நானோமீட்டர் அருகில் உச்சம் தொடுகிறது, அது மஞ்சள்கலந்த பச்சை. தண்டுகளின் உச்சம் 507 நானோமீட்டர் அருகில், நீலம்கலந்த பச்சை. நீண்ட அலைநீளச் சிவப்பைத் தண்டுகள் ஏறக்குறைய உணர்வதே இல்லை. அதனால்தான் அந்தியில் சிவப்புப் பூ இலையைவிட முதலில் கறுத்துப்போகிறது. இதற்குப் புர்கின்யே விளைவு என்று பெயர்.

படத்தில் இதைச் செய்ய, சானல் மிக்சரில் மோனோக்ரோம் தேர்ந்து சிவப்புக்கு 8, பச்சைக்கு 62, நீலத்துக்கு 30 சதவீதம் கொடுத்து ஒரு சாம்பல் பிரதி எடுங்கள். வழக்கமான சாம்பலில் சிவப்புக்கு 21 சதவீதமும் நீலத்துக்கு 7 சதவீதமும் இருக்கும். இங்கே அந்த இரண்டின் இடத்தையும் வேண்டுமென்றே மாற்றுகிறோம். இந்தச் சாம்பல் பிரதியைப் பகல் படத்தின் மேல் 50 சதவீத ஒப்பாசிட்டியில் வைத்து, அதன் மேல் மல்டிப்ளை லேயரைப் போடுங்கள்.

கூரைக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். நேராகப் பெருக்கியிருந்தால் (49, 21, 26), இன்னும் பழுப்புச் சிவப்பு. சாம்பல் கலந்து பெருக்கினால் (34, 22, 32), கிட்டத்தட்ட நிறமற்ற கருமை. மரம் (30, 48, 56) ஆகி நீலப்பச்சைக்கு நகர்கிறது. சுவர் (58, 69, 103). பகலில் கூரைதான் கண்ணை இழுத்தது. இப்போது சுவரே வெளிச்சமானது, கூரை பின்வாங்கிவிட்டது. இரவில் அப்படித்தான் இருக்க வேண்டும்.

50 சதவீதம் என்பது கல்வெட்டு இல்லை. கார்ட்டூன் பாணிக் காட்சிக்கு 25 போதும், தீவிரமான காட்சிக்கு 70 வரை போகலாம். 100 வைத்தால் நீலம் பூசிய கறுப்புவெள்ளைப் படமாகிவிடும்.

விளக்கைச் சுற்றி ஆரஞ்சு பிரஷ்ஷால் ஆட் மோடில் தெளித்தேன். வெளிச்சமாகத் தெரியாமல் ஆரஞ்சுப் புகையாகத் தெரிகிறது.

இந்த வேலையில் மிக அதிகம் நடக்கும் தவறு இதுதான். ஆட் மோடில் தெளித்த ஆரஞ்சு, கீழே என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை. கூரையின் மேலும் சுவரின் மேலும் அதே ஆரஞ்சு கூடுகிறது. ஆனால் உண்மையான விளக்கொளி பொருளின் சொந்த நிறத்தோடு பெருகித்தான் கண்ணுக்கு வரும்.

எண்களில் பார்த்தால் தெளிவாகும். விளக்கின் நிறம் (255, 190, 110), வலிமை 0.8 என்று வைப்போம். அந்த ஆரஞ்சை இருண்ட கூரையின் மேல் அப்படியே கூட்டினால் (238, 174, 120) வரும். அது வெளிறிய பீச் நிறம், ஓட்டின் சிவப்பு அடையாளமே இல்லை. அதற்குப் பதிலாகப் பகல் கூரையின் நிறத்தை விளக்கொளியால் பெருக்கி, அந்த விடையை இருண்ட கூரையோடு கூட்டினால் (178, 58, 48) வரும். பகலில் இருந்த சிவப்பு ஏறக்குறைய முழுதாகத் திரும்பிவிட்டது. சுவர் இதே முறையில் (242, 188, 158) ஆகும். வெளிச்சம் விழுந்த இடத்தில் நிறங்கள் உயிர்பெறுவதைப் பார்க்கும்போதுதான் மனம் அங்கே விளக்கு எரிகிறது என்று நம்புகிறது.

அந்தக் கணக்கை ஓவிய மென்பொருளில் லேயர்களாக எப்படி அடுக்குவது?

பகல் படத்தின் எல்லா லேயர்களையும் ஒரு குரூப்பில் போட்டு, அந்தக் குரூப்பை இரண்டு பிரதியாக்குங்கள். கீழே இருப்பது இரவுக் குரூப், மேலே இருப்பது விளக்குக் குரூப்.

இரவுக் குரூப்பில், மேலே சொன்னபடி சாம்பல் பிரதி 50 சதவீதத்தில், அதன்மேல் (70, 90, 150) மல்டிப்ளை.

விளக்குக் குரூப்பில் சாம்பல் வேண்டாம். பகல் நிறத்தின் மேல் விளக்கின் நிறத்தை மல்டிப்ளையில் வையுங்கள். பிறகு குரூப் முழுவதையும் ஆட் மோடுக்கு மாற்றி, அதற்கு ஒரு கறுப்பு மாஸ்க் கொடுங்கள். சில மென்பொருள்களில் ஆட் மோடின் பெயர் லீனியர் டாட்ஜ். மாஸ்க் கறுப்பாக இருக்கும் வரை ஒன்றும் தெரியாது. இனி மென்மையான வெள்ளை பிரஷ்ஷால் மாஸ்க்கில் வரைவதுதான் விளக்கேற்றும் வேலை. வெள்ளை முழு வெளிச்சம், சாம்பல் பாதி. நிறத்தைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை, வெளிச்சம் எங்கே விழும் என்று மட்டும் யோசித்தால் போதும்.

இரண்டாவது விளக்கு வேறு நிறத்தில் இருந்தால் அதற்குத் தனி குரூப். வெளிச்சங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் படம் வெள்ளையாக எரிந்துபோகிறதா? ஆட் மோடை ஸ்கிரீனாக மாற்றிப் பாருங்கள். ஸ்கிரீன் உச்சத்தைத் தொடாமல் மெதுவாக நெருங்கும். எரிவதற்குக் காரணம் இதுதான்: பெரும்பாலான ஓவிய மென்பொருள்கள் இயல்பாகத் திரை எண்களையே நேராகக் கூட்டுகின்றன. 128-ம் 128-ம் சேர்ந்தால் 256, அதாவது முழு வெள்ளை. ஆனால் எஸ்ஆர்ஜிபி வளைவை விலக்கி உண்மையான ஒளியளவில் கூட்டித் திரும்ப மாற்றினால் சுமார் 176 தான் வரும். பெருக்கலில் இந்தச் சிக்கல் ஏறக்குறைய இல்லை, கூட்டலில்தான் இருக்கிறது.

விளக்கின் வெளிச்ச வட்டம் பின்னாலிருக்கும் மலையிலும் வானத்திலும் விழுகிறது. தட்டையான படத்தில் இதை எப்படித் தடுப்பது?

படத்துக்கு ஆழம் தெரியாது. விளக்குக்குப் பக்கத்தில் இருக்கும் சுவரும் அதே இடத்தில் தெரியும் தொலைதூர மலையும் அதற்கு ஒன்றுதான். அந்த அறிவை நீங்கள்தான் மாஸ்க் வழியாகக் கொடுக்க வேண்டும்.

காட்சியைக் குறைந்தது நான்கு தளங்களாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: முன்தளம், தரை, நடுத்தளம், தொலைவும் வானமும். ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு தேர்வைச் சேமித்து வைத்தால், எந்தத் தளத்தில் எந்த வெளிச்சம் விழும் என்பதைத் தனித்தனியே வரையலாம். நம் காட்சியில் தெருவிளக்கு சுவருக்கு முன்னால் நிற்கிறது. சுவருக்கும் தரைக்கும் வெளிச்சம் உண்டு. மரத்தில் விளக்கு நோக்கிய பக்கத்துக்கு மட்டும். தொலைவுக்கும் வானத்துக்கும் சுத்தமாக இல்லை.

வெளிச்சத்தின் வடிவமும் தளத்துக்குத் தளம் மாறும். தரையைச் சாய்வாகப் பார்க்கிறோம், ஆகவே அங்கே வட்டம் படுத்த நீள்வட்டமாகும். கண்மட்டம் ஓர் ஆளின் உயரத்தில் இருக்கும் காட்சியில் அகலம் மூன்று பங்கு, உயரம் ஒரு பங்கு என்று தொடங்கலாம். நேராக நம்மைப் பார்க்கும் சுவரில் அதே விளக்கு, மேலே குறுகிக் கீழே விரியும் வளைவாக விழும். ஒரே வட்டத்தை இரண்டின் மேலும் வைத்தால் சுவரும் தரையும் சந்திக்கும் கோடு செத்துப்போய், முழுக்காட்சியும் ஒரே காகிதத்தில் ஒட்டியதுபோல் ஆகும். அந்தக் கோட்டில் வெளிச்சம் முறிந்து திரும்புவதுதான் பார்ப்பவருக்கு ஆழத்தைச் சொல்கிறது.

ஓரத்தை நோக்கி வெளிச்சம் குறையும் விதத்திலும் கவனம் வேண்டும். நேர்கோட்டுக் கிரேடியன்ட் போட்டால் வட்டத்தின் விளிம்பு கண்ணுக்குத் தெரியும். மையத்தில் வேகமாகக் குறைந்து ஓரத்தில் நீளமாக இழுபடும் வளைவு வேண்டும். பெரிய மென்பிரஷ்ஷால் குறைந்த வலிமையில் ஒருமுறை, அதில் பாதி அளவில் ஒருமுறை, கால் அளவில் ஒருமுறை என்று ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாலே அந்த வளைவு வந்துவிடும்.

பகலில் வரைந்த வெயில் நிழல்களை அழிக்க வேண்டுமா?

எல்லாவற்றையும் வேண்டாம். சூரியன் இருந்த திசையில் நிலா இருப்பதாக வைத்துக்கொண்டால் வெயில் நிழல்கள் அப்படியே நிலா நிழல்களாகிவிடும், திசையும் விளிம்பின் கூர்மையும் பொருந்தும். பகலில் எடுத்து இரவாகக் காட்டும் சினிமா முறையும் இதையே நம்பித்தான் இருக்கிறது.

மாற்ற வேண்டியது விளக்கு வெளிச்சத்துக்குள் இருக்கும் நிழல்களை மட்டும். விளக்கொளி நேராக விழும் தரையில் பழைய வெயில் நிழல் கிடந்தால் உடனே பொய் தெரிந்துவிடும். நிழல்கள் தனி லேயரில் இருந்தால் விளக்குக் குரூப்பில் அந்த லேயரை அணைத்துவிடுங்கள். இரவுக் குரூப்பில் எரியட்டும். ஒரே லேயரில் கலந்துவிட்டிருந்தால், விளக்குக் குரூப்பின் பிரதியில் வெளிச்சம் விழும் பகுதிக்குள் இருப்பவற்றை மட்டும் பக்கத்து நிறத்தை எடுத்து மூடினால் போதும்.

பிறகு விளக்கின் சொந்த நிழல்கள். இவற்றை மாஸ்க்கில் கறுப்பால் வரையுங்கள். வெயில் நிழல்கள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும். விளக்கு நிழல்களோ விளக்கின் அடிப்பகுதியிலிருந்து எல்லாத் திசையிலும் விரியும், பொருளை விட்டு விலக விலக அகலமும் மென்மையும் கூடும். மேகமூட்டமான இரவு என்றால் வெயில் நிழல் லேயரை முழுக்க அணைத்து, பொருள்கள் தரையைத் தொடும் இடத்தில் மட்டும் மெல்லிய இருட்டு விடுங்கள்.

வானத்தை மல்டிப்ளை செய்தாலே போதுமா, புதிதாக வரைய வேண்டுமா?

புதிதாக வரையுங்கள், அதுவே குறைந்த வேலை. பெருக்கிய வானம் (41, 71, 138) ஆகிறது. சுவரைவிடவும் பளிச்சென்ற நீலம் அது, பகலில் கறுப்புக் கண்ணாடி போட்ட வானம்தான் ஞாபகத்துக்கு வரும். மேலே (12, 18, 40), அடிவானத்தில் (38, 52, 88) என்று ஒரு கிரேடியன்ட் வைத்தால் காட்சி அங்கேயே பாதி இரவாகிவிடும்.

இப்போது ஒரு புதுச் சிக்கல் வரும். மரம் (30, 48, 56), பின்னால் அடிவானம் (38, 52, 88). இரண்டும் ஒட்டிக்கொள்ளும். இரவில் வானத்துக்கு எதிரே நிற்கும் வெளிச்சமற்ற பொருள் வானத்தைவிடக் கறுப்பாகத் தெரிய வேண்டும். அதனால் வானத்தைத் தொடும் விளிம்புள்ள தளங்களுக்கு இன்னொரு 0.6 பெருக்கல் கொடுங்கள், மரம் (18, 29, 34) ஆகித் தெளிவாகப் பிரிந்து நிற்கும். தொலைவு மலைக்கு இது வேண்டாம், அது வானத்தின் நிறத்தை நோக்கி வெளிறியே இருக்கட்டும்.

நிலாவைப் பற்றி ஒன்று. வானத்தில் அதன் அகலம் அரை டிகிரிதான். 1920 பிக்சல் அகலமுள்ள படம் 60 டிகிரி பார்வையைக் காட்டுகிறது என்றால் நிலா 16 பிக்சல். பெரும்பாலோர் அதைப் பத்து மடங்கு பெரிதாக வரைகிறார்கள். 40 முதல் 60 பிக்சல் வரை மிகைப்படுத்தினால் யாரும் கவனிக்க மாட்டார்கள், அதற்கு மேல் கதைப்புத்தக இரவாகிவிடும். அதுதான் வேண்டுமென்றால் தாராளமாகச் செய்யுங்கள். முழுநிலா இருந்தால் சிறு நட்சத்திரங்களைக் குறையுங்கள், நிலாவின் இருண்ட பகுதியின் மேல் நட்சத்திரம் வைக்கவே கூடாது.

ஜன்னல்களை மஞ்சளாக நிரப்பினேன், ஸ்டிக்கர் ஒட்டியதுபோல் இருக்கிறது.

ஒரே சீரான மஞ்சளும், அதன் வெளிச்சம் வெளியே எங்கும் விழாததும்தான் காரணம். ஜன்னல் தானே ஒளிர்வது, ஆகவே மேலே சொன்ன பெருக்கல் கணக்கு அதற்கில்லை. எல்லாக் குரூப்புக்கும் மேலே தனி லேயரில் நார்மல் மோடில் வரையுங்கள். உள்ளே விளக்கு பெரும்பாலும் கூரையில் இருக்கும், எனவே ஜன்னலின் மேல்பகுதி (255, 215, 140), கீழே இறங்க இறங்க (225, 140, 60). திரைச்சீலையின் மடிப்பு, ஒரு செடியின் உருவம், ஏதோ ஒன்று அந்தச் சமநிலையை உடைக்க வேண்டும்.

பிறகு ஜன்னல் சட்டத்தின் உள்விளிம்பிலும் கீழ்ப்படியிலும் விளக்குக் குரூப்பின் மாஸ்க்கைத் திறந்துவிடுங்கள். கண்ணாடியைச் சுற்றி ஜன்னலின் பாதி அகலத்துக்கு மெல்லிய ஸ்கிரீன் ஒளிவட்டம் 15 சதவீதத்தில் வைக்கலாம். இங்கே மட்டும் சொந்த நிறம் பார்க்காத ஒளி சரி, ஏனென்றால் அது காற்றிலும் லென்சிலும் சிதறும் ஒளி. இரண்டு ஜன்னலில் ஒன்றை மட்டும் எரியவிடுவது பெரும்பாலும் நன்றாக இருக்கும். எரியாத ஜன்னலில் பகல் வானத்தின் பிரதிபலிப்பு மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள், பலரும் மறந்துபோவது அது.

கறுப்பு அவுட்லைன் உள்ள பாத்திரம் இருட்டில் கரைந்துவிடுகிறது.

பகலில் கோடு நிரப்பு நிறத்தைவிட மிக இருண்டது, அதனால் தெரிந்தது. இரவில் நிரப்பு நிறம் கோட்டின் அருகே இறங்கிவிட்டது. கோட்டை வெளுக்க வேண்டாம், பாத்திரத்துக்குப் பின்னால் இருப்பதை மாற்றுங்கள். பாத்திரம் நிற்கும் இடத்தின் பின்னணி கொஞ்சம் வெளிச்சமாக இருந்தால் உருவம் தானே வெட்டிக்கொண்டு நிற்கும். அது முடியாத இடத்தில், வெளிச்சம் வரும் பக்கத்தில் கோட்டுக்கு உள்ளே ஒன்றிரண்டு பிக்சல் அகலத்தில் விளிம்பொளி கொடுங்கள். நிலாப் பக்கம் (130, 155, 205), விளக்குப் பக்கம் விளக்கின் நிறம். இரண்டு பக்கமும் சம அளவில் வைத்தால் பாத்திரம் வெட்டி ஒட்டியதுபோல் தெரியும்.

சரிபார்க்க, படம் முழுவதையும் சாம்பலாக்கி விரல்நகம் அளவுக்குச் சுருக்குங்கள். பாத்திரம் எங்கே என்று ஒரு விநாடியில் தெரியாவிட்டால், நிறத்தால் அதைச் சரிசெய்ய முடியாது.

இரவு வானத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் விழுகின்றன.

8-பிட் படத்தில் 18-லிருந்து 40-க்கு ஏறும் கிரேடியன்ட்டில் 22 படிகள்தான் உண்டு. 1080 வரிசை உயரத்தில் ஒரு படிக்கு 49 வரிசை, அதுதான் பட்டை. 16-பிட்டில் வேலைசெய்து, 8-பிட்டுக்கு மாற்றும்போது ஒன்றிரண்டு அளவு நாய்ஸ் சேருங்கள். அழுத்தமாகச் சுருக்கும் ஜேபெக்கும் வீடியோவும் அந்த நாய்ஸையே தின்றுவிடும், அங்கே தரத்தைக் கூட்டுவது தவிர வழியில்லை.

கேம் எஞ்சினில் இதை ஓடும்போதே செய்ய முடியுமா?

முடியும், கணக்கு அதேதான். கோடோ 4-ல் `CanvasModulate` முழுக் காட்சியையும் சுற்றொளியால் பெருக்குகிறது. `PointLight2D` ஆட் மோடில் இருந்தால் ஸ்ப்ரைட்டின் சொந்த நிறத்தை விளக்கொளியால் பெருக்கிக் கூட்டுகிறது, ஆரஞ்சுப் புகை வராது. தளங்களைப் பிரிக்க, ஒவ்வொரு ஸ்ப்ரைட்டின் Light Mask-ஐயும் விளக்கின் Item Cull Mask-ஐயும் பொருத்துங்கள். தொலைவு மலைக்குத் தனி மாஸ்க் எண் கொடுத்து, அதை விளக்கில் அணைத்துவிட்டால் போதும். ஜன்னலைத் தனி ஸ்ப்ரைட்டாக்கி அதன் CanvasItemMaterial-இல் Light Mode-ஐ Unshaded ஆக்குங்கள். எண்களும் பொத்தான்களும் இருளாமல் இருக்க அவற்றைத் தனி `CanvasLayer`-இல் வையுங்கள்.

நிறச்செறிவைக் குறைக்கும் படி இதில் இல்லை. அது வேண்டுமென்றால் சொந்த ஷேடர் எழுத வேண்டும், அதன் சாரம் இவ்வளவுதான்:

```glsl
vec3 day = pow(texture(scene, uv).rgb, vec3(2.2));
float g  = dot(day, vec3(0.08, 0.62, 0.30));
vec3 dim = mix(day, vec3(g), 0.5);
vec3 c   = dim * ambient + day * lamp;
outColor = vec4(pow(min(c, 1.0), vec3(1.0 / 2.2)), 1.0);
```

இங்கே கணக்கு ஒளியளவில் நடப்பதால் `ambient` எண்களையும் மாற்றித் தர வேண்டும். (70, 90, 150) என்பது இங்கே ஏறத்தாழ (0.058, 0.101, 0.311). அப்படியே 255-ஆல் வகுத்துக் கொடுத்தால் காட்சி இருளவே இல்லையே என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். பல விளக்குகள் இருந்தால் எல்லாவற்றையும் முதலில் `lamp`-இல் கூட்டிவிட்டுப் பிறகு ஒருமுறை பெருக்குங்கள்.

பகலிலிருந்து இரவுக்கு மெதுவாக மாறும்போது நடுவில் அழுக்குச் சாம்பலாகத் தெரிகிறது.

வெள்ளையிலிருந்து நீலத்துக்கு நேர்கோட்டில் போனால் நடுவழி ஒரு மேகமூட்டப் பகல்தான். இடையில் சூடான நிறுத்தங்கள் வேண்டும். சுற்றொளிக்கு இந்த வரிசையை முயன்று பாருங்கள்: பகல் (255, 255, 255), சாயங்காலம் (255, 214, 170), சூரியன் இறங்கும்போது (225, 150, 130), அந்தி (130, 115, 165), இரவு (70, 90, 150). சாம்பல் கலப்பு சாயங்காலம் வரை 0, அந்தியில் 0.2, இரவில் 0.5. வானத்தின் கிரேடியன்ட்டுக்குத் தனி வரிசை வேண்டும். அந்தியில் தரை இருண்ட பிறகும் அடிவானம் வெளிச்சமாகவே இருக்கும், இரண்டையும் ஒரே நிறத்தால் ஓட்டினால் அந்த அழகு போய்விடும்.

விளக்குகளை அந்தி நிறுத்தத்துக்குச் சற்று முன்னால் ஏற்றத் தொடங்குங்கள். தெருவிளக்குகள் ஒன்றாக எரியலாம். ஜன்னல்கள் ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரத்தில் எரிய வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு தற்செயல் தாமதம் கொடுத்தால் போதும். விளக்கின் வலிமையை மாற்றவே வேண்டாம். சுற்றொளி குறையக் குறைய அதே விளக்கு தானாகவே வலுத்துத் தெரியும்.